விசில் வராத குக்கர்

விசில் அடிக்கிற குக்கரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே சேர்கிற ஆவி, வர வேண்டிய வழியில் ஒழுங்காக வெளியே வருகிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுப்பை முழுவதும் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஆன பிறகும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் குக்கரைத்தான் கவனிக்க வேண்டும்.

அப்படி விசில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, ஆவி வேறு எங்கோ வழியாகத் தப்பிப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஆவி போக வழியே இல்லாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. முதலாவது கேஸ்கட்டின் கோளாறு. கேஸ் செலவு, அடிப்பிடித்த சாதம் என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவது வென்ட் குழாய் அடைத்துக்கொண்ட கோளாறு. மூடி பறப்பதும், கூரையில் பருப்பு அப்புவதும் இதில்தான். வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒரே மௌனம். ஆனால் ஓரடி தள்ளி நின்று மூடியின் விளிம்பைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். விளிம்பைச் சுற்றி 'ஸ்ஸ்' என்று ஆவி கசிகிறது, நீர் சொட்டு அடுப்பில் விழுந்து நெருப்பு மஞ்சளாக எரிகிறது என்றால் கேஸ்கட். எந்தப் பக்கமும் ஆவி இல்லை, சொட்டு இல்லை, வெயிட் அசையவில்லை, ஆனால் உள்ளே கொதிக்கிற உறுமல் மட்டும் கேட்கிறது என்றால் வென்ட். எதுவாக இருந்தாலும் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

குக்கருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. மூடி இறுக்கிவிட்டால் ஆவி உள்ளேயே சேர்ந்து அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற கொதிநிலையும் ஏறும். நம் வீட்டுக் குக்கர்களில் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்ற அளவுக்கு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், ஏற விடுகிறார்கள். அந்த நிலையில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் இருக்கும். கொண்டைக்கடலை சீக்கிரம் வேகிறதென்றால் இந்த 20 டிகிரிதான் காரணம்.

இந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மூடியின் மேல் நாம் வைக்கிற வெயிட். விசில் என்று நாம் சொன்னாலும் அதன் வேலை கூவுவது இல்லை, எடையால் அழுத்திக்கொண்டிருப்பது. வென்ட் துளையின் விட்டம் மூன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் ஏறத்தாழ 100 கிராம் எடை உட்கார்ந்தால், உள்ளே 1 கிலோ அழுத்தம் வந்ததும் ஆவி அதைத் தூக்கிவிடும். கணக்கு அவ்வளவுதான். 'விசில் ஆடிக்கொண்டே இருக்கிறது' என்று அதன் தலையில் கரண்டியையோ சின்ன இடிகல்லையோ வைக்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கலைக்கிறார்கள். இன்னொரு 100 கிராம் சேர்ந்தால் அழுத்தம் இரு மடங்கு. அதேபோல வெயிட் தொலைந்துபோனால் பக்கத்து வீட்டு வேறு கம்பெனி வெயிட்டைக் கடன் வாங்கி மாட்டுவதும் தப்பு. அந்தக் குக்கரின் துளை வேறு அளவு, அதற்கேற்ற எடை வேறு. மாட்டினால் பொருந்துகிறது என்பது ஒரு சான்று ஆகாது.

எடை வைத்து ஆவியைக் கட்டுப்படுத்தும் இந்த யோசனை புதியதல்ல. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின் 1679-இல் லண்டனில் எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் ஒரு இரும்புப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். அதை வெடிக்காமல் காப்பதற்காக எடை தொங்கும் ஒரு வால்வையும் அவரே சேர்த்தார். குக்கரும் அதன் பாதுகாப்பு வால்வும் ஒன்றாகவே பிறந்தவை.

இனி ஒரு பருப்புக் கதை. மூன்று லிட்டர் குக்கர். வழக்கமாக அதில் 300 கிராம் துவரம் பருப்பும் ஒரு லிட்டர் தண்ணீரும் வைக்கிற வீடு. இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் லிட்டர் அளவுக்கு வரும், பாதிக்குக் கீழே. அன்றைக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று அதே குக்கரில் 600 கிராம் பருப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், நறுக்கிய தக்காளி நாலு. கணக்குப் போட்டால் குக்கரில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிறைந்துவிட்டது. மூடும்போது பார்வைக்கு 'இன்னும் இடம் இருக்கிறது' என்றுதான் தோன்றும். இருக்கிறதுதான், ஆனால் அந்த இடம் நுரைக்கு வேண்டியது.

பருப்பு கொதிக்கும்போது அதிலிருந்து புரதமும் மாவும் கரைந்து தண்ணீரைப் பிசுபிசுப்பாக்கும். வெறும் தண்ணீரில் மேலே வருகிற குமிழி உடைந்துவிடும். பருப்புத் தண்ணீரில் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பாதிக் குக்கர் காலியாக இருந்தால் அந்த நுரை ஏறி, தளர்ந்து, கீழே விழ இடம் இருக்கிறது. ஐந்தில் நாலு பங்கு நிறைந்த குக்கரில் அது நேரே மூடியைத் தொட்டு, ஆவியோடு சேர்ந்து வென்ட் குழாய்க்குள் புகும். முதல் விசில் முழுசாக வராது. 'புஸ்... புஸ்...' என்று மஞ்சள் நுரையைக் கக்கும். மூடியின் மேல் மஞ்சள் குழம்பு வழியும். எச்சரிக்கை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அடுத்து ஒரு தக்காளித் தோலோ பருப்புத் தோலோ மூன்றரை மில்லிமீட்டர் துளையில் போய் உட்காரும். சத்தம் நின்றுவிடும்.

இந்த இடத்தில் பல வீடுகளில் என்ன நடக்கும் என்றால், 'என்ன, விசிலே வரவில்லை, கேஸ் தீர்ந்துபோகிறதோ' என்று தீயைக் கூட்டுவார்கள். அல்லது வெயிட் சரியாக உட்காரவில்லை என்று குனிந்து அதைக் கரண்டியால் தட்டுவார்கள். முகம் மூடிக்கு நேர் மேலே இருக்கும். தட்டுகிற வேகத்தில் அடைப்பு விலகினால் 120 டிகிரிப் பருப்பு அந்தச் சின்னத் துளை வழியாகக் கூரைவரை பீய்ச்சும்.

அடைப்பு விலகாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் இரண்டாவது காவல் வேலை செய்ய வேண்டும். மூடியில் வெயிட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, பொத்தான் போல ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் சேஃப்டி வால்வு. பெரும்பாலான குக்கர்களில் அதன் நடுவில் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் ஒரு உலோகக் கலவையை அடைத்திருப்பார்கள். அழுத்தம் ஏறினால் சூடும் ஏறும் என்று பார்த்தோம். அழுத்தம் 2 கிலோவுக்குப் போனால் உள்ளே ஏறத்தாழ 133 டிகிரி. அளவு மீறியதும் அந்த உலோகம் இளகி, உள்ளிருக்கும் ஆவி அந்த வழியாகப் பாய்ந்து வெளியே வந்துவிடும். தண்ணீர் வற்றி அடிப்பிடித்து உள்ளே சூடு தாறுமாறாக ஏறினாலும் இதே உலோகம்தான் உருகிக் காப்பாற்றும். பயங்கரச் சத்தம் வரும், சமையலறை நாசமாகும். ஆனால் மூடி இடத்தில் இருக்கும். 'எங்கள் வீட்டுக் குக்கர் வெடித்துவிட்டது' என்று சொல்கிறவர்களில் பலர் பார்த்தது உண்மையில் இதைத்தான்.

சில குக்கர்களில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. மூடியின் விளிம்பில் ஒரு நீளவாட்டுத் திறப்பு இருக்கும். அளவு மீறினால் கேஸ்கட்டே அந்த இடத்தில் வெளியே பிதுங்கி ஆவியை விட்டுவிடும். அப்படிப்பட்ட திறப்பு உங்கள் குக்கரில் இருந்தால், அடுப்பில் வைக்கும்போது அது உங்களைப் பார்த்து இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, மேலே சொன்ன பருப்புக் கதையில் சேஃப்டி வால்வு நன்றாக இருந்தால் நஷ்டம் 600 கிராம் பருப்போடு போகும். அது ஒருமுறை உருகிப்போய், 'அவசரத்துக்கு' என்று யாரோ அந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்திருந்தால், அல்லது அளவு சேராத ஒரு போல்ட்டை முடுக்கியிருந்தால், அழுத்தம் போக மிச்சம் இருப்பது மூடியும் கைப்பிடியும்தான். சேஃப்டி வால்வு போய்விட்டால் அதே கம்பெனியின் அதே மாடலுக்கான வால்வைத்தான் வாங்கி மாட்ட வேண்டும். அதிலும் முக்கியம், அது ஏன் உருகியது என்று கண்டுபிடிப்பது. வென்ட்டைச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் போகும்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பருப்பு, அரிசி, பயறு மாதிரி நுரைக்கிற, ஊறிப் பெருக்கிற பண்டங்களுக்கு, தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் பாதிதான் கணக்கு. காய்கறி, கறி மாதிரியானவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அந்த 600 கிராமை இரண்டு தடவையாக வைத்திருந்தால் கூடுதலாக இருபது நிமிடம் ஆகியிருக்கும். தக்காளியைப் பருப்பு வெந்த பிறகு போட்டால் ருசியும் கெடாது, தோலும் குழாய்க்குள் போகாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதால் அதுவே நல்லது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும் என்று பாட்டிமார் சொல்வது சரிதான், எண்ணெய் குமிழியின் சவ்வை உடைக்கும்; ஆனால் நிறைத்துப் போட்ட குக்கரை ஒரு சொட்டு எண்ணெய் காப்பாற்றாது. எனக்குப் பிடித்த வழி, குக்கருக்குள் தண்ணீர் ஊற்றி, பருப்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டைப் போட்டு மூடிவிடுவது. நுரை கிண்ணத்தோடு நின்றுவிடும். வெளியே இருக்கிற தண்ணீர் மட்டும்தான் ஆவியாகி வென்ட்டுக்கு வரும். ஆனால் அந்த வெளித் தண்ணீர் ஒரு பெரிய டம்ளருக்குக் குறையக் கூடாது; நேரம் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும்.

ஜவ்வரிசி, ஓட்ஸ், சேமியா போன்றவற்றைக் குக்கரில் நேரடியாக மூடி வைக்காமல் இருப்பதே நல்லது. இவை கொதித்தால் கஞ்சிப் பசையாகி மேலே ஏறும். அதேபோல மூடியைப் போட்டுக்கொண்டு எண்ணெயில் பொரிக்கிற வேலையே கூடாது. எண்ணெயின் சூடு தண்ணீரைவிட மிக அதிகம். கேஸ்கட்டும் வால்வும் அதற்குச் செய்தவை அல்ல.

வென்ட் குழாயைப் பார்ப்பதற்கு ஐந்து விநாடி போதும். சமைக்கும் முன் வெயிட்டைக் கழற்றிவிட்டு, மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, உள்பக்கத்திலிருந்து துளை வழியாகப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பாதி வட்டம் தெரிந்தாலோ ஓரம் மங்கலாக இருந்தாலோ உள்ளே கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை விட்டு எடுத்து, குழாயடியில் பிடித்தால் தண்ணீர் தாரையாக மறுபக்கம் வர வேண்டும். ஊக்கு, ஆணி என்று கூரான இரும்பை விட்டுக் குடைய வேண்டாம். துளை அகலமானால் எடைக் கணக்கு மாறிவிடும். வெயிட்டின் அடிப்பகுதியையும் திருப்பிப் பாருங்கள். அதன் குழிக்குள் அரிசிக் கஞ்சி காய்ந்து கிடப்பது சகஜம். மூடியைத் துலக்குகிறவர்கள்கூட வெயிட்டின் உள்ளே பார்ப்பதில்லை.

அடுத்து ஒரு பழக்கம். மூடியைப் போட்டதும் வெயிட்டையும் கூடவே மாட்டிவிடுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வெயிட் இல்லாமல் அடுப்பில் வைத்து, வென்ட் வழியாக ஆவி நேராக, விடாமல் ஒரு தாரையாக வரத் தொடங்கிய பிறகு மாட்டுவதுதான் முறை. இதில் இரண்டு லாபம். உள்ளே இருந்த காற்று வெளியேறிவிடும்; காற்று கலந்திருந்தால் அழுத்தம் காட்டினாலும் சூடு போதாது, பருப்பு வேகாது. இரண்டாவதும் பெரியதுமான லாபம், குழாய் திறந்திருக்கிறது என்று குக்கரே நிரூபித்துக் காட்டிவிடுகிறது. உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டும் ஆவி வரவில்லை என்றால், வெயிட்டே போடாமல் அடுப்பை அணைத்துவிடலாம். எந்த ஆபத்தும் ஆரம்பிக்கும் முன்பே பிடிபட்டுவிடும்.

முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிவிட்டு, நிமிடக் கணக்கில் வேகவிடுவது நல்லது. முழுத் தீயில் எட்டு விசில், பத்து விசில் என்று எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு விசிலிலும் கொஞ்சம் கஞ்சியைக் குழாய்க்குள் ஏற்றி அங்கேயே காய வைக்கிறார்கள். அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. இப்படித்தான் படிப்படியாக வருகிறது.

கேஸ்கட்டுக்கு வருவோம். பாத்திரக் கடைத் தெருக்களில் ஒரு ஸ்டூல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கயிற்றில் கோத்த கறுப்பு வளையங்கள் என்று உட்கார்ந்திருக்கும் குக்கர் ரிப்பேர்க்காரர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். அவர்கள் கேஸ்கட்டைப் பார்க்கிற விதமே ஒரு பாடம்.

"அண்ணே, இதுக்கு வெயிட் மாத்தணும். விசிலே வரமாட்டேங்குது."

"வெயிட் நல்லாத்தாம்மா இருக்கு. கேஸ்கட்டை எப்போ மாத்தினீங்க?"

"அது ரெண்டு மூணு வருஷம் இருக்கும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா நல்லா புடிச்சுக்குமே."

"ஃப்ரிட்ஜ்ல வெக்க ஆரம்பிச்சீங்கன்னாலே அது முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்மா."

சொல்லிக்கொண்டே அவர் கேஸ்கட்டைக் கழற்றி, ஒரு இடத்தில் இரண்டாக மடித்துப் பிடிப்பார். மடித்த வளைவின் வெளிப்புறத்தில் நகக்கீறல் போல மெல்லிய வெடிப்புகள் தெரியும். நேராக வைத்துப் பார்த்தால் அவை தெரியாது; மடித்தால்தான் வாயைத் திறக்கும். பிறகு அதையே விரலால் அழுத்துவார். நல்ல கேஸ்கட் அழுந்தி உடனே மேலே எழும்பும். கெட்டது கட்டையாக நிற்கும், அல்லது அழுத்திய தடம் அப்படியே இருக்கும். கடைசியாக மூடியில் மாட்டி மூடியைக் கவிழ்ப்பார். கேஸ்கட் பொத்தென்று கீழே விழுந்தால் அது நீண்டுபோய்விட்டது. மடித்துப் பார், அழுத்திப் பார், கவிழ்த்துப் பார்; இந்த மூன்றையும் வீட்டில் நாமே செய்யலாம்.

குளிரில் வைத்தால் ரப்பர் கொஞ்ச நேரத்துக்குச் சுருங்கும், அதனால் அன்றைக்கு ஒரு விசில் வரும். சூடேறியதும் பழையபடி தளரும். இன்னும் சிலர் விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவை அப்புவார்கள், துணி நாடாவைச் சுற்றுவார்கள், பழைய கேஸ்கட்டின்மேல் இன்னொன்றைப் போடுவார்கள். ஆவி கசிவதை மட்டும் பார்த்தால் இது வேலை செய்யும். ஆனால் அளவு மீறும்போது கேஸ்கட் பிதுங்கி ஆவியை விட வேண்டிய அந்தத் திறப்பையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். மூடியை இடுக்கியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விசில் வரக் காத்திருப்பது அதைவிட மோசம். கை இருக்கும் இடத்தில்தான் ஆவி வருகிறது.

கசிகிற கேஸ்கட்டில் வேறொரு ஆபத்தும் உண்டு. விசில் வரவில்லையே என்று காத்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளே தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் அடி காய்ந்து, தீய்ந்த வாடை வரும். அதற்குள் குக்கரின் அடியும் சேஃப்டி வால்வும் சோதனைக்குள்ளாகிவிடும்.

கேஸ்கட் நன்றாக இருந்தும் கசிந்தால், அது உட்காரும் பள்ளத்தையும் குக்கரின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிக் காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை போதும். விளிம்பில் நசுங்கல் இருந்தால் அது வேறு. கரண்டியை விளிம்பில் தட்டி உதறும் பழக்கத்தின் பலன் அது, கேஸ்கட் மாற்றித் தீராது. சமைத்து முடித்ததும் கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவி, துடைத்து, மூடியில் மாட்டாமல் தனியாக வையுங்கள். தினமும் உழைக்கிற கேஸ்கட்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே. கடைக்குப் போகும்போது 'அஞ்சு லிட்டர் கேஸ்கட்' என்று மட்டும் கேட்டால் போதாது. அகலக் குக்கருக்கும் உயரக் குக்கருக்கும் லிட்டர் ஒன்றானாலும் வளையம் வேறு. மூடியையே கையோடு எடுத்துப் போவது உத்தமம்.

புதுக் குக்கரே வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். வீட்டுக் குக்கர்களுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2347, 2021 பிப்ரவரியிலிருந்து அந்த முத்திரை இல்லாமல் குக்கர் விற்கவே கூடாது. முத்திரை இல்லாத குக்கர்களை இணையத்தில் விற்க விட்டதற்காக 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே விதித்திருக்கிறது. ஆகவே 'ஆன்லைனில் பாதி விலை' என்று வருவதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்து வாங்குவது நல்லது.

இவ்வளவும் சரியாக இருக்கிற குக்கரிலும் கையும் முகமும் வெந்துபோவது உண்டு. அது நடப்பது அடுப்பை அணைத்த பிறகு, மூடியைத் திறக்கும்போது. பள்ளிக்கூட வேன் வாசலில் ஹார்ன் அடிக்கிற நேரத்தில் டிஃபன் பாக்ஸில் சாதம் போட வேண்டும் என்கிற அவசரம்தான் இதற்குக் காரணம்.

மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 கிலோ என்றால் மூடியை உள்ளிருந்து தள்ளுகிற விசை 314 கிலோ. விசில் அடங்கி, அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் 31 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம். அந்த நேரத்தில் மூடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பலம் போட்டால் திரும்பியும்விடும். திரும்பிய கணத்தில் அந்த 31 கிலோ மூடியை உங்கள் கையிலிருந்து பிடுங்கும்.

மூடி பறப்பதைவிடப் பின்னால் வருவது கொடியது. உள்ளே இருக்கிற தண்ணீர் இன்னும் நூறு டிகிரிக்கு மேல் இருந்தால், அழுத்தம் விலகியதும் அதன் மிச்சச் சூடு ஒரே கணத்தில் தண்ணீரை ஆவியாக்கும். 120 டிகிரியிலிருந்து திடீரென்று திறந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 37 கிராம் அளவுக்கு உடனே ஆவியாகிவிடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆவியாக அது அறுபது லிட்டருக்கு மேல். அவ்வளவும் பருப்பையும் சோற்றையும் வாரிக்கொண்டு மேலே வரும். கொதிநீர் பட்டால் சுடும். ஆவி பட்டால் தோலில் அது நீராக மாறும்போது தன் சூடு முழுவதையும் அங்கே இறக்கிவிடுவதால் இன்னும் ஆழமாகச் சுடும்.

மூடி உள்ளே நுழைந்து, விளிம்பைக் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டிருக்கும் வகைக் குக்கர்களில் இந்த ஆபத்து குறைவு. அழுத்தம் இருக்கும்வரை அந்த மூடியைக் கீழே தள்ள மனுஷனால் முடியாது; அழுத்தமே பூட்டாக இருக்கிறது. மேலே உட்கார்ந்து திருகி மூடுகிற வகையில் அப்படிக் கிடையாது. சில புதிய மாடல்களில் தனிப் பூட்டு இருக்கிறது. பழைய குக்கர்களில் உங்கள் பொறுமைதான் பூட்டு. அடுப்பை அணைத்த பிறகு பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு நீளமான கரண்டியின் காம்பால் வெயிட்டைக் கொஞ்சமாகத் தூக்கிப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்றால் விட்டுவிட்டு இன்னும் காத்திருங்கள். சத்தமே இல்லை என்றால் வெயிட்டைக் கழற்றிவிட்டுத் திறக்கலாம். பருப்பு வழிந்து வென்ட் அடைத்திருக்குமோ என்ற சந்தேகம் இருக்கிற அன்றைக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. ஏனென்றால் அடைத்த குழாயும் சத்தம் போடாது.

சில சமயம் குக்கர் நன்றாக ஆறிய பிறகும் மூடி வராது. சாயங்காலம் வரை அப்படியே விட்ட குக்கரில் இது நடக்கும். உள்ளே ஆவி குளிர்ந்து நீராகி வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று மூடியை அமுக்கிக்கொண்டிருக்கும். வெயிட்டைத் தூக்கினால் காற்று உள்ளே போகிற மெல்லிய சத்தத்தோடு மூடி தளர்ந்துவிடும். சூடான குக்கரில் மூடி இறுகியிருந்தால் அழுத்தம், ஆறிய குக்கரில் இறுகியிருந்தால் வெற்றிடம். இரண்டுக்கும் சுத்தியல் தேவைப்படாது.

அவசரத்துக்கு வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பிடித்து ஆவியை இறக்குகிறோமே, அது உருளைக்கிழங்குக்குப் பரவாயில்லை. பருப்புக்கும் கஞ்சிக்கும் ஆகாது. திடீரென்று அழுத்தம் இறங்கும்போது உள்ளே கொதி எகிறி, நுரை குழாய் வழியாகப் பீய்ச்சும். கொதிக்கிற குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் காட்டுவதிலும், போகிற வழியில் குறுக்கே ஓடிவரும் குழந்தையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

திறப்பதற்கு முன் குக்கரை லேசாக ஓர் ஆட்டு ஆட்டுங்கள். கெட்டியான பருப்பு, கீரை மசியல் போன்றவற்றில் அடியில் ஆவி சிக்கியிருக்கும். ஆட்டினால் மூடிய நிலையிலேயே அது வெளியேறும். ஆட்டாமல் திறந்து கரண்டியைப் போட்டால் அந்த இடத்தில் குபீரென்று பொங்கித் தெறிக்கும். மூடியைத் தூக்கும்போது உங்களுக்கு எதிர்ப்புற விளிம்பு முதலில் உயரும்படி சாய்த்துத் தூக்குங்கள். மூடியே முகத்துக்குக் கேடயமாக இருக்கும். சேலை முந்தானையால் பிடித்துத் தூக்குவதைவிடக் கைத்துணி நல்லது. ஈரத் துணி கூடாது, ஈரம் சூட்டை உடனே கடத்தும்.

அடைத்துக்கொண்ட குக்கருக்கு வருகிறேன். மஞ்சள் நுரை வழிந்தது, பிறகு சத்தம் நின்றது, வெயிட் அசையவில்லை. அடுப்பின் குமிழ் கைக்கு எட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அணையுங்கள். குனிய வேண்டியிருந்தால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். குக்கரைத் தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெயிட்டைத் தட்ட வேண்டாம். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு நீங்களும் வந்துவிடுங்கள். குக்கர் வெறும் கையால் தொடுகிற அளவுக்கு ஆறும்வரை விட வேண்டும். நிறைந்த குக்கர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஆறிவிட்டால் உள்ளே அழுத்தம் இருக்காது. அதன் பிறகுதான் வெயிட்டும் மூடியும்.

இத்தனைக்குப் பிறகும் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். இருபது நிமிடம் நீளமாகத் தெரியும். ஆனால் தோலுக்குக் கீழே இறங்கிய சூடு வெளியே வர அவ்வளவு நேரம் வேண்டும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். சூடான பருப்பு நனைத்த துணியை நீக்குங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஐஸ் வைக்கக் கூடாது. பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், மை எதுவும் கூடாது. சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும், மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கண், கை, மூட்டு இவற்றில் பட்டிருந்தாலும், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், தோல் வெளுத்துப்போய் வலியே தெரியாமல் இருந்தாலும், பட்டது குழந்தை மேல் என்றாலும், வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். முகத்தில் ஆவி அடித்து மூச்சு வாங்கினாலோ குரல் கரகரத்தாலோ ஆட்டோவைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.